எங்கள் பரிசளிப்பு விழாவுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான பெற்றோரே, பழைய மாணவர்களே, ஊரவர்களே, தூர தேசங்களில் இருந்தும் இந்தப் பள்ளிக்கூடத்தை மறக்காதவர்களே, வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை எங்கள் பாடசாலையின் வருடாந்தப் பரிசளிப்பு விழாவும் கலைவிழாவும் நிறைவாக நடந்து முடிந்தன. படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வாழ்த்து யார் யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை விழாக்குழு சார்பில் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். ஏனென்றால் பெரிய தொகை தந்தவரின் பெயர் எப்படியும் வெளியே வந்துவிடும், இரவிரவாக இருந்து உடுப்புத் தைத்தவரின் பெயர் வருவதில்லை.

முதலாவது படத்தில் இருப்பது விழா மலரின் பின்னட்டை. பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ உதவிய எல்லோருடைய பெயர்களும் அதில் அகரவரிசையில் இருக்கின்றன. யார் எவ்வளவு தந்தார் என்று அதில் போடவில்லை, வேண்டுமென்றே விட்டோம். 500 ரூபா தந்த அம்மம்மாவும் 50,000 ரூபா அனுப்பிய பழைய மாணவரும் ஒரே எழுத்தளவில் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது குழுவின் முடிவு. தொகைகள் கணக்கறிக்கையில் தனியாக உண்டு.

கோவலன் கூத்திலிருந்து தொடங்குகிறோம். முல்லைத்தீவு மண்ணுக்கு இந்தக் கூத்து எவ்வளவு நெருக்கமானது என்பதை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்வந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் அதை ஒருமுறையேனும் முழுதாகப் பார்த்ததில்லை. பின்னேரங்களில் பாடசாலை முடிந்த பிறகு மருதமரத்தடியில் நின்று, அடி பிசகினால் மத்தளத்தை நிறுத்தி, "திரும்ப முதலில இருந்து" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார் எங்கள் அண்ணாவியார் ஐயா. சம்பளம் பற்றிப் பேசப் போனவர்களிடம் வெற்றிலை பாக்கு மட்டும் வைத்துத் தந்தால் போதும் என்றார். அவருடைய உழைப்புக்கு விலை போட எங்களிடம் அளவுகோல் இல்லை. ஐயா, உங்களுக்குத்தான் எங்கள் முதல் நன்றி.

கண்ணகியாக ஆடிய பிள்ளையின் சேலைக் கரையையும் அரசனின் உடுப்பில் பளபளத்த கண்ணாடித் துண்டுகளையும் ஒன்பதாவது படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அவை வாடகைக்கு எடுத்தவை அல்ல. மாதர் கிராம அபிவிருத்திச் சங்க அம்மாமார் கூறைப்புடவை, பழைய பாவாடை என்று வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து, வெட்டி, கையாலும் மெசினாலும் தைத்தவை. தையல் மெசின் இரண்டையும் சங்கமே பாடசாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. விழா முடிந்ததும் உடுப்புகள் எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, பாடசாலை அலுமாரியில் அவர்களே வைத்துவிட்டுப் போனார்கள். வருகிற ஆண்டு ஆடப்போகும் பிள்ளைகளுக்கு உடுப்புக் கவலை இல்லை.

பரிசுப் புத்தகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இம்முறை கேடயங்களைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுக்கேற்ற புத்தகமும் மேல் வகுப்புகளுக்கு அகராதியும் கொடுத்தோம். அரசாங்கம் பாடநூலைத் தருகிறது, சீருடைத் துணியைத் தருகிறது. பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம் சொந்தமாக வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்கவில்லை. இந்தச் செலவு முழுவதையும் ஏற்றவர்கள், 2009 இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்த தொகுதி மாணவர்கள். இன்று அவர்களில் சிலர் ஆசிரியர்கள், சிலர் கமம் செய்கிறார்கள், சிலர் கொழும்பில் வேலை. "எங்களுக்கு அப்ப கொப்பி இல்லை, புத்தகமாக் குடுங்கோ சேர்" என்று சொல்லி 90,000 ரூபா சேர்த்துத் தந்தார்கள். எந்தப் புத்தகம் என்று தெரிவு செய்யும் பொறுப்பை முழுதாக ஆசிரியர்களிடமே விட்டதற்கும் சேர்த்து நன்றி.

கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் 120,000 ரூபா அனுப்பினார்கள். மேடை, ஒலி, ஒளி, சான்றிதழ் அச்சடிப்பு எல்லாம் அதிலிருந்துதான் நடந்தன. ஒட்டுசுட்டான் சந்தி வியாபாரிகள் 14 பேர் சேர்ந்து 78,000 ரூபா தந்தார்கள். கடந்த ஆண்டுகளில் கடன் கொப்பியில் எழுதிவைத்து எங்களுக்குச் சாமான் தந்தவர்களும் இவர்களே. கமக்காரர் அமைப்பு சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்த்த நெல் 9 மூட்டை. விற்ற பணம் 64,000 ரூபா. பூச்சியும் உரவிலையும் ஒருபக்கம், யானை ஒருபக்கம் என்று நின்ற வருடத்தில் வந்த நெல் அது. அவர்களுடைய உழவு இயந்திரப் பெட்டிகளில்தான் கதிரைகளும் வந்துபோயின. டீசல் காசும் வாங்கவில்லை.

பந்தலும் கதிரையும் தந்த வாடகைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தார். பந்தல் போட்ட தம்பிமாரின் கூலியை நாங்கள் முழுதாகக் கொடுத்தோம். முதலாளி விட்டுக்கொடுத்ததை அவருடைய உதவியாகவும், தம்பிமார் வெயிலில் செய்ததை அவர்களுடைய வேலையாகவும் தனித்தனியே சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறோம்.

கூத்தின் நடுவே மின்சாரம் நின்றதை வந்திருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒலிவாங்கி செத்துப்போயிற்று, மேடை இருண்டுவிட்டது. பிள்ளைகள் நிற்கவில்லை. பிற்பாட்டுக்காரர் குரலை உயர்த்த, மத்தளம் அடிபட, முன்வரிசையில் இருந்த அப்பாமார் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, கோவலன் ஒரு அடிகூடத் தவறாமல் ஆடினார். அதற்குள் ஜெனரேற்றரோடு நின்ற அண்ணா அதை இயக்கிவிட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் கடையை மூடிவிட்டுப் பின்னேரம் முழுக்க அதன் பக்கத்திலேயே காவல் இருந்தவர் அவர். எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை.

முத்தையன்கட்டுக் குளத்து மீனவர் சங்கம் ஒத்திகை நாட்களில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு மீன் தந்தது. பிரதேச சபை தண்ணீர் பவுசர் அனுப்பியது. அயல் பாடசாலை தன் பாண்ட் வாத்தியங்களை நம்பிக்கையோடு இரவல் தந்தது. கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம். விழா முடிந்த இரவே மைதானத்தைக் கூட்டித் துப்பரவாக்கிய எங்கள் சிற்றூழியர்களுக்கும் காவலாளி ஐயாவுக்கும் தனி நன்றி. மறுநாள் காலை 7.30 மணிக்கு அங்கே ஒரு விழா நடந்த சுவடே இல்லை, வகுப்பு வழமைபோல நடந்தது.

ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பிள்ளைகள் பொருளை வாங்கிக்கொண்டு, தந்தவரின் பதாகைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் படம் ஒன்றுகூட இந்தப் பதிவில் இல்லை. எடுக்கவும் இல்லை. வன்னிப் பிள்ளைகள் இப்படி நின்ற படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு உலகத்தில் இருக்கின்றன. பரிசு என்பது பிள்ளை தன் முயற்சியால் வென்றது. அதற்கு அந்தப் பிள்ளை யாருக்கும் கடன்பட்டது போலத் தலைகுனிந்து நிற்கக்கூடாது. நன்றி சொல்லும் கடமை பெரியவர்களான எங்களுடையது, அதைத்தான் இங்கே செய்கிறோம். புத்தகப்பைகள் தந்த தனியார் நிறுவனத்தினர் தங்கள் சின்னம் போட்ட மேற்சட்டையைப் பிள்ளைகள் மேடையில் அணியமுடியுமா என்று கேட்டார்கள். காரணத்தை விளக்கியதும் உடனே ஏற்றுக்கொண்டு, நுழைவாயில் பதாகையில் மற்றவர்களோடு தங்கள் பெயரும் வந்தால் போதும் என்றார்கள். பைகளில் ஒன்றும் குறையவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு எங்கள் மரியாதை.

பரிசுகளில் எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது தவறாத வரவுக்கான பரிசு. அதை வாங்கிய தரம் 8 மாணவி, காட்டுக்கரைப் பாதையில் சைக்கிளில் வருபவள். யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அப்பா முன்னால் சைக்கிளில் வர, இவள் பின்னால் வருவாள். அவளுடைய பெயரை வாசித்தபோது மேடைக்கு ஏறச் சொல்லி நாங்கள் அப்பாவையும் கூப்பிட்டோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

இனிக் கணக்கு. பணமாகக் கிடைத்தது 352,000 ரூபா. செலவு 331,500 ரூபா. மீதி 20,500 ரூபா பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இருக்கிறது, நூலகத்துக்கு இறாக்கை செய்வதற்கென்று கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். பற்றுச்சீட்டுகளோடு முழு அறிக்கையும் அறிவித்தல் பலகையில் போட்டாயிற்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டால் பிரதி அனுப்பிவைப்போம்.

அடுத்த ஆண்டுக்கும் உங்களிடம் கேட்கிறோம். விழாவுக்கு மட்டும் அல்ல. சாதாரண தர மாணவர்களுக்கு மாலையில் கணித வகுப்பு வைக்கிறோம். பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். ஒரு கிழமைக்குரிய சுண்டலும் பிளேன்ரீயும் ஒரு குடும்பம் ஏற்றால், இன்னொரு கிழமை இன்னொரு குடும்பம் ஏற்கலாம். சைக்கிள் திருத்தத் தெரிந்தவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தால், ரியூப்பும் பிறேக் கட்டையும் நாங்கள் வாங்கி வைக்கிறோம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் கிழமையில் ஒருநாள் வாருங்கள், தயவுசெய்து. பாடசாலைக்கென்று சொந்தமாக ஒரு ஒலிபெருக்கித் தொகுதி வேண்டும், ஒவ்வொரு வருடமும் வாடகைக்குப் போகும் காசு மிஞ்சும். பணமாகத் தரமுடியாதவர்கள் நேரமாகத் தாருங்கள். இந்த முறை பின்னட்டையில் இருக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் அப்படித் தந்தவர்களுடையவைதான்.

உதவ விரும்புகிறவர்கள் பாடசாலை நாட்களில் காலை 8 மணிக்கும் பிற்பகல் 1.30 மணிக்கும் இடையில் அலுவலகத்துக்கு வந்து அதிபரைச் சந்திக்கலாம், அல்லது இந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பலாம். காசு தருவதென்றால் அபிவிருத்திச் சங்க வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், கணக்கு விபரம் அலுவலகத்தில் கிடைக்கும். எங்கள் பெயரைச் சொல்லித் தனியாள் கணக்குக்கு யாராவது கேட்டால் கொடுக்கவேண்டாம். எந்தத் தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. அடுத்த விழாக்குழுவைத் தெரிவு செய்யும் கூட்டம் தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு, பிரதான மண்டபத்தில். பெற்றோர் யாரும் வரலாம், கருத்துச் சொல்லலாம்.

யாருடைய பெயராவது பின்னட்டையில் விடுபட்டிருந்தால் உடனே சொல்லுங்கள், கணக்கறிக்கையோடு சேர்த்துத் திருத்தப் பட்டியலும் பலகையில் போடுகிறோம்.

விழாவுக்கு இரவல் வந்த சில்வர் பானை இரண்டு, குத்துவிளக்கு ஒன்று, பச்சைக் கரை போட்ட பாய் ஒன்று இன்னும் அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

விழாக்குழு சார்பாக,
செயலாளர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம்