நூலக சர்வர் மாற்றம்: வேலைப் பட்டியலுக்குப் பதிலாகப் பொறுப்பு அட்டவணை

பெறுநர்: நூலகர், கணினி மையத் தலைவர், சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் பொறுப்பாளர், பகுப்பாக்கப் பிரிவு, கவுண்டர் பொறுப்பாளர், கணக்குப் பிரிவு
அனுப்புநர்: துணை நூலகர், மாற்றப் பணி ஒருங்கிணைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

கோஹாவைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றும் பணிக்காக வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நாம் எழுதிய பட்டியல் இது. பலகையில் இருந்தபடியே தருகிறேன்.

புது சர்வர் ரெடி பண்ணணும் / பேக்கப் / ஒத்திகை / டேட்டா சரிபார்ப்பு / மெயில் செட்டிங் / டிஎன்எஸ் / மாணவர்களுக்கு அறிவிப்பு / கவுண்டரில் என்ன செய்வது / ஸ்கேனர், பிரிண்டர் / பழைய சர்வரை அணைப்பது

என்ன செய்ய வேண்டும் என்பது இதில் ஓரளவு இருக்கிறது. யார் செய்வது, யார் சரி என்று சொன்ன பிறகு அடுத்த வேலைக்குப் போவது, யாருக்குச் சொல்லிவிட்டால் போதும் என்பது ஒரு வரியிலும் இல்லை. "டேட்டா சரிபார்ப்பு" என்ற வரியைப் பார்த்துக் கணினி மையம் அது நூலகத்தின் வேலை என்று நினைத்திருக்கிறது, நூலகமோ கணினி மையத்தின் வேலை என்று. இரண்டு பக்கமும் விசாரித்த பிறகுதான் பட்டியலைக் கீழே உள்ளபடி மாற்றினேன். பத்து வரி பதினாறாகியிருக்கிறது. எங்கெல்லாம் செய்பவரோ ஒப்புதல் தருபவரோ வேறாக இருந்தார்களோ, அங்கே வரியைப் பிரித்தேன்.

ஒவ்வொரு வரியிலும் ஒப்புதல் தருபவர் ஒருவர் மட்டுமே. செய்பவரே ஒப்புதல் தருபவராக எங்கும் இல்லை. தகவல் பெறுபவரின் பதிலுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் "முன்பே" என்று குறித்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன் அவருக்குச் செய்தி போயிருக்க வேண்டும்.

| எண் | வேலை | செய்பவர் | ஒப்புதல் தருபவர் | தகவல் பெறுபவர் |
|---|---|---|---|---|
| 1 | புதிய சர்வரில், பழையதில் இருக்கும் அதே பதிப்பு கோஹாவை நிறுவுதல் | சிஸ்டம் அட்மின் | கணினி மையத் தலைவர் | துணை நூலகர் (முடிந்ததும்) |
| 2 | பேக்கப் எடுத்து, இரு சர்வர்களுக்கும் வெளியே ஒரு பிரதி வைத்தல் | சிஸ்டம் அட்மின் | கணினி மையத் தலைவர் | துணை நூலகர் (முடிந்ததும்) |
| 3 | அந்த பேக்கப்பைப் புதிய சர்வரில் மீட்டெடுத்துக் காட்டுதல் (ஒத்திகை) | சிஸ்டம் அட்மின் | துணை நூலகர் | கணினி மையத் தலைவர், கவுண்டர் பொறுப்பாளர் (முடிந்ததும்) |
| 4 | ஒத்திகையின்போது புதிய சர்வரிலிருந்து மெயில் போகாதபடி முடக்குதல் | சிஸ்டம் அட்மின் | கணினி மையத் தலைவர் | கவுண்டர் பொறுப்பாளர் (முன்பே) |
| 5 | நூல், பிரதி, உறுப்பினர், இரவல் எண்ணிக்கைகளை ஒப்பிடுதல் | பகுப்பாக்கப் பிரிவு | துணை நூலகர் | சிஸ்டம் அட்மின் (முடிந்ததும்) |
| 6 | அபராத நிலுவைத் தொகையை ஒப்பிடுதல் | கவுண்டர் பொறுப்பாளர் | கணக்குப் பிரிவு | நூலகர் (முடிந்ததும்) |
| 7 | தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டுதல் | சிஸ்டம் அட்மின் | பகுப்பாக்கப் பிரிவு | துணை நூலகர் (முடிந்ததும்) |
| 8 | டிஎன்எஸ் டிடிஎல்லைக் குறைத்தல் | நெட்வொர்க் பொறுப்பாளர் | கணினி மையத் தலைவர் | சிஸ்டம் அட்மின் (முடிந்ததும்) |
| 9 | உறுப்பினர்களுக்கான அறிவிப்பு | துணை நூலகர் | நூலகர் | கவுண்டர் பொறுப்பாளர், கணக்குப் பிரிவு (முன்பே) |
| 10 | சேவை நின்றிருக்கும் நேரத்தில் கவுண்டரில் திரும்பும் நூல்களைத் தனியே பதிதல் | கவுண்டர் ஊழியர் | கவுண்டர் பொறுப்பாளர் | துணை நூலகர் (முடிந்ததும்) |
| 11 | ஸ்கேனர், ரசீது பிரிண்டர் சோதனை | கவுண்டர் ஊழியர் | கவுண்டர் பொறுப்பாளர் | சிஸ்டம் அட்மின் (முடிந்ததும்) |
| 12 | தொடர்வதா, பழையதற்கே திரும்புவதா: நிலவரத்தைத் தொகுத்து முன்வைத்தல் | துணை நூலகர் | நூலகர் | எல்லோரும் (முடிவானதும்) |
| 13 | டிஎன்எஸ் முகவரியைப் புதிய சர்வருக்கு மாற்றுதல் | நெட்வொர்க் பொறுப்பாளர் | கணினி மையத் தலைவர் | சிஸ்டம் அட்மின், கவுண்டர் பொறுப்பாளர் (முன்பே) |
| 14 | புதிய சர்வரில் மெயிலைத் திறத்தல் | சிஸ்டம் அட்மின் | துணை நூலகர் | கவுண்டர் பொறுப்பாளர் (முன்பே) |
| 15 | பழைய சர்வரில் கோஹாவை முடக்குதல் | சிஸ்டம் அட்மின் | கணினி மையத் தலைவர் | துணை நூலகர் (முடிந்ததும்) |
| 16 | பழைய சர்வரின் வட்டை அழித்தல் | சிஸ்டம் அட்மின் | நூலகர் | கணினி மையத் தலைவர், கணக்குப் பிரிவு (முன்பே) |

சில வரிகளுக்கு விளக்கம் வேண்டும். மற்றவை படித்தாலே புரியும்.

வரி 2, 3. பட்டியலில் "பேக்கப்", "ஒத்திகை" என்ற வெறும் சொற்கள்தான் இருந்தன. பேக்கப் எடுப்பதும் அது வேலை செய்கிறது என்று காட்டுவதும் வேறு வேறு. கட்டளை முடிந்துவிட்டது, கோப்பு இருக்கிறது என்பதைக் கணினி மையத் தலைவர் பார்த்து ஒப்புதல் தரலாம். அதிலிருந்து நூலகம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பதை, அந்தத் தரவை அன்றாடம் பயன்படுத்துபவர்தான் சொல்ல முடியும். அதனால் வரி 3-இன் ஒப்புதல் நூலகத்தின் பக்கம் வந்திருக்கிறது. `koha-dump` இரண்டு கோப்புகளைத் தரும். ஒன்று `.sql.gz`, மற்றது அமைப்புகள் அடங்கிய `.tar.gz`. மீட்டெடுக்க இரண்டும் வேண்டும் என்பதால், வெளியே வைக்கும் பிரதியிலும் இரண்டும் இருந்தால்தான் வரி 2 முடிந்ததாகக் கொள்வோம்.

```
sudo koha-dump library
sudo koha-rebuild-zebra -f -v library
```

முதல் கட்டளை வரி 2-க்கு. இரண்டாவது, மீட்டெடுத்த பிறகு வரி 7-க்கு. தரவு முழுதும் வந்திருந்தாலும் அட்டவணை கட்டாவிட்டால் தேடலில் நூல்கள் தென்படாது. அதைப் பார்த்துவிட்டு நூல்களே தொலைந்துபோயின என்று கவுண்டரில் யாரும் பதற வேண்டாம். பல மொழித் தலைப்புகளையும் தேடிப் பார்த்த பிறகே பகுப்பாக்கப் பிரிவு ஒப்புதல் தரட்டும்.

வரி 4, 14, 15. இந்த மூன்றும் "மெயில் செட்டிங்" என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்திருந்தன. மீட்டெடுத்த தரவில் உறுப்பினர்களின் உண்மையான மெயில் முகவரிகள் இருக்கும். ஒத்திகையின்போது புதிய சர்வரில் மெயில் திறந்திருந்தால், ஒரே தாமத அறிவிப்பு ஒருவருக்கு இரண்டு முறை போகும். மாற்றத்துக்குப் பிறகு பழைய சர்வர் முடக்கப்படாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டவருக்கு, "நீங்கள் இன்னும் தரவில்லை" என்று பழைய தரவைப் பார்த்து அது கடிதம் அனுப்பும். அந்த உறுப்பினர் நேராக கவுண்டருக்குத்தான் வருவார். அங்கே இருப்பவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கவுண்டர் பொறுப்பாளரை "முன்பே" என்று சேர்த்திருக்கிறேன். நடக்க வேண்டிய வரிசை: முதலில் 15, பிறகு 14. பழையது `koha-disable library` மூலம் முடக்கப்பட்டது என்று சிஸ்டம் அட்மின் எனக்கு எழுதிய பிறகே `koha-email-enable library` ஓடலாம்.

வரி 5, 6. ஒப்பிட வேண்டிய எண்கள் இவை. இரு சர்வர்களிலும் சிஸ்டம் அட்மின் ஓட்டித் தருவார். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது மேலே சொன்னவர்களின் வேலை.

```
SELECT COUNT(*) FROM biblio;
SELECT COUNT(*) FROM items;
SELECT COUNT(*) FROM borrowers;
SELECT COUNT(*) FROM issues;
SELECT SUM(amountoutstanding) FROM accountlines;
```

கடைசி வரி பணம் சம்பந்தப்பட்டது. அதனால்தான் அதைத் தனி வரியாக்கி ஒப்புதலைக் கணக்குப் பிரிவிடம் கொடுத்தேன். எண் ஒத்துப்போவது மட்டும் போதாது. நிலுவை உள்ள சில உறுப்பினர்களின் கணக்கைத் திறந்து, வரி வரியாகவும் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்து தனிக் கணக்கு மாறியிருந்தால், கூட்டுத்தொகை அதைக் காட்டாது.

வரி 8. இதற்கு நேரக் கெடு உண்டு. இப்போது டிடிஎல் 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். அதை 300 ஆக்கினாலும், ஏற்கெனவே பழைய மதிப்பைச் சேமித்து வைத்திருக்கும் கணினிகள் ஒரு நாள் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மாலை மாற்றம் என்பதால் வியாழக்கிழமை மாலைக்குள் குறைத்தாக வேண்டும். இதற்கும் 13-க்கும் செய்பவர் ஒருவரே, ஒப்புதல் தருபவரும் ஒருவரே. இருந்தாலும் நாட்கள் வேறு என்பதால் தனி வரிகளாக விட்டிருக்கிறேன்.

வரி 12. இது வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இல்லவே இல்லை. எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். எல்லா வேலைகளையும் பிரித்துக்கொண்டோம், ஆனால் ஏதாவது கோளாறு என்றால் நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதை யாரும் பேசவில்லை. அது நூலகருக்கே. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு 3, 5, 6, 7, 11 ஆகிய வரிகளின் நிலவரத்தை நான் முன்வைப்பேன். அவற்றில் ஒன்றுக்கு ஒப்புதல் வரவில்லை என்றாலும் பழைய சர்வருக்கே திரும்புவதுதான் என் பரிந்துரையாக இருக்கும். முடிவு நூலகருடையது. சரி என்றால் 13, 15, 14 என்ற வரிசையில் அன்றிரவே நடக்கும்.

திரும்புவதற்கும் எல்லை உண்டு. திங்கட்கிழமை காலை 8.30-க்கு கவுண்டர் திறந்து முதல் இரவல் புதிய சர்வரில் பதிந்துவிட்டால், அந்தப் பதிவு பழையதில் இருக்காது. அதற்குப் பிறகு திரும்புவது என்றால் நடந்தவற்றையெல்லாம் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். எனவே சந்தேகம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நூலகரிடமோ என்னிடமோ சொல்லிவிடுங்கள். சிறிய விஷயம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

வரி 10. சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கள் காலை வரை இரவல் தருவதில்லை. திரும்பி வரும் நூல்களை மட்டும் வாங்குவோம். பார்கோடு எண்ணையும் திரும்பிய தேதியையும் ஒரு தாளில் எழுதினால் போதும். திங்களன்று அந்தத் தேதியைக் கொடுத்துப் பதிந்தால் யாருக்கும் கூடுதல் அபராதம் ஏறாது. ஏறவில்லை என்று பார்த்து உறுதிசெய்வது கவுண்டர் பொறுப்பாளர்.

வரி 16. பழைய வட்டில் உறுப்பினர்களின் பெயர், முகவரி, படித்த நூல்களின் விவரம் எல்லாம் இருக்கிறது. சர்வரை அணைப்பது கணினி மையத்தின் முடிவாக இருக்கலாம், அழிப்பது அப்படி அல்ல. 90 நாட்கள் அப்படியே வைத்திருந்து, கணக்குப் பிரிவு தனக்கு அதில் வேலை இல்லை என்று எழுத்தில் சொன்ன பிறகு நூலகர் ஒப்புதல் தருவார்.

ஒப்புதல் எப்படித் தருவது: பணிக் குழுவின் பொது மெயில் இழையில் "வரி 6, ஒப்புதல்" என்று ஒரு வரி. நடைபாதையில் பார்த்துச் சொன்னதும் தொலைபேசியில் சொன்னதும் கணக்கில் வராது. ஒப்புதல் தர மறுத்தாலும் அதே இழையில், காரணத்தோடு.

சனிக்கிழமை மாலை யாராவது வர முடியாமல் போனால்: நூலகருக்குப் பதிலாக நான் முடிவெடுப்பேன், அப்போது வரி 12-இன் தொகுப்பைப் பகுப்பாக்கப் பிரிவு முன்வைக்கும். என் பெயர் ஒப்புதலில் இருக்கும் 3, 5, 14 ஆகியவற்றை நான் வராவிட்டால் நூலகர் பார்ப்பார். கணினி மையத் தலைவருக்குப் பதிலாக யார் என்பதை அவரே செவ்வாய்க்குள் எழுதட்டும். அந்த வேலைகளைச் செய்யும் சிஸ்டம் அட்மினோ நெட்வொர்க் பொறுப்பாளரோ பதிலாளாக இருக்க முடியாது.

உங்கள் பெயர் தவறான கட்டத்தில் இருந்தாலோ, தகவல் தேவைப்படும் ஒருவர் விடுபட்டிருந்தாலோ புதன்கிழமை மதியத்துக்குள் எழுதுங்கள். திருத்திய அட்டவணையைப் புதன் மாலை அனுப்பி, கவுண்டரிலும் சர்வர் அறையிலும் ஒட்டிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைப் பட்டியலை அழித்துவிடுங்கள், இனி அதைப் பார்த்து யாரும் வேலை செய்ய வேண்டாம்.