என்ன கேட்பது என்று தெரியாதபோது பேச்சைத் தொடங்குவது எப்படி: ஊர் வரலாறு சேகரிக்க முதல்முறை போகும் மாணவர்களுக்கு

செட்டிநாட்டுப் பழைய வீடுகளையும் தரைக்கல் பட்டறைகளையும் பார்க்க வருகிற சனிக்கிழமை கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் போகிறவர்களுக்கான குறிப்பு இது. கேள்வித்தாள் எதுவும் கையில் தரவில்லையே என்று குறைபட வேண்டாம், தெரிந்தேதான் தரவில்லை. கேள்வித்தாளோடு போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றே பதில்களோடு திரும்புவார்கள்: பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. மூன்றும் உண்மைதான். ஆனால் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கெல்லாம் ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்துபோனவை. முதல் நாளில் உங்கள் வேலை பதில் வாங்குவது இல்லை. என்ன கேட்கலாம் என்பதை அங்கே உட்கார்ந்து கண்டுபிடிப்பதுதான். அதற்கு நாற்பது நிமிடப் பேச்சு போதும்.

நேரம் முக்கியம். காலை பத்து முதல் பதினொன்றரை வரை, அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. பன்னிரண்டுக்கு மேல் அடுப்படி வேலை, சாப்பாடு, அப்புறம் தூக்கம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எவ்வளவு நல்ல கேள்வியும் எடுபடாது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் மட்டும் போங்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நான்கு பேர் நோட்டும் கையுமாகத் திண்ணையில் ஏறினால் வரி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

வாசலில்

இந்தப் பக்கத்தில் முதல் கேள்வியை நீங்கள் கேட்க மாட்டீர்கள், அவர்கள்தான் கேட்பார்கள். "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை? எங்க படிக்கிறீக?" இதை ஒரு சடங்காக நினைத்து, "மதுரைங்க" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். பேச்சின் முதல் நூல் அதில்தான் இருக்கிறது. "மேலூர் பக்கம், அப்பா நெல்லு யாவாரம் பாக்குறாங்க, நான் இங்க ரெண்டாவது வருசம் படிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "மேலூரா? அங்க எங்க மாமியா வழியில ஒருத்தக இருந்தாக" என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். தன்னைப் பற்றி எதுவும் சொல்லாதவரிடம் யாரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்காரப் பெண்மணி நகரத்தார் என்றால் "ஆச்சி" என்று கூப்பிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், பட்டறைக்காரர், கடைக்காரர் எல்லாருக்கும் "அண்ணே", "அக்கா" போதும், வயதானவர் என்றால் "ஐயா". "சார், மேடம்" என்றால் அவர்களும் உங்களை அதிகாரியாகவே நடத்துவார்கள். தண்ணீரோ காபியோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எழுந்துவிட்டால் பேச்சும் எழுந்துவிடும்.

முதல் கேள்வி

கண்ணுக்கு எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பாருங்கள். அது என்ன, எவ்வளவு பழசு என்பதை விடுங்கள். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

வளவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே திறந்த முற்றம், சுற்றிப் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். "இந்த வீட்டோட கட்டடக் கலையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் ஆச்சி தயங்குவார், இல்லையென்றால் பர்மா தேக்கில் ஆரம்பிப்பார். அதற்குப் பதிலாக:

"ஆச்சி, மழை பெய்ஞ்சா இந்த முத்தத்துத் தண்ணி எங்க போகும்?"

"அந்த மூலையில ஓட்டை இருக்கு பாரு, அது வழியா வெளிய போயிரும். அதுக்கு முன்னால நாங்க அண்டாவ வச்சுப் பிடிச்சிருவம்."

"அண்டாவ எடுத்து வைக்கிறது யாரு ஆச்சி?"

"அப்ப ஆளு இருந்தாக. இப்ப நானும் அந்தப் பிள்ளையும்தான்."

இரண்டே கேள்வி. வீட்டில் முன்பு எத்தனை பேர் இருந்தார்கள், வேலை யார் பார்த்தார்கள், எப்போது குறைந்தார்கள் என்று மூன்று வழிகள் திறந்துவிட்டன. இந்தக் கேள்வி வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. பதில் அவருக்கு நிச்சயமாகத் தெரியும், யோசிக்க வேண்டியதில்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. பெரிய கேள்வி என்றால் எதைச் சொல்வது எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பாரம் முழுவதும் பதில் சொல்கிறவர் தலையில் விழும். பாரம் தாங்காதவர் ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

பொருள் எதுவும் கண்ணில் படவில்லையா? நாளைப் பிடியுங்கள். திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அதையொட்டிப் போனால் "இழை எடுக்க மாவு யாரு பிடிப்பாக?" என்று கேட்கலாம். தைப் பொங்கலை அடுத்த செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். அந்தச் சமயத்தில் யாரைக் கேட்டாலும் "பானை யாரு கொண்டு போவாக?" என்பதற்குப் பதில் இருக்கும். "பிள்ளையார் நோன்பின் சிறப்பு என்ன?" என்பது பரீட்சைக் கேள்வி. அதைத் திண்ணையில் கேட்காதீர்கள்.

கேட்கக் கூடாதவை, ஏன்

விலை. கதவு, தூண், எனாமல் சட்டி, பழைய படம் எதற்கும் விலை கேட்காதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் தூணைத் தட்டிப் பார்ப்பதும் கதவைப் படம் எடுப்பதும்கூட வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வீடு வீடாகப் பொருள் தேடி வருகிறவர்களை இந்த ஊர்க்காரர்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். நிலைக்கதவை உற்றுப் பார்க்கிறவனை வியாபாரி என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் எத்தனை அடையாள அட்டை காட்டியும் பயனில்லை.

வீடு யாருக்குச் சொந்தம் என்பது. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இருக்காது. தெரியாத இடத்தில் கால் வைத்துவிடுவீர்கள். அவர்களே பேச்சோடு சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நோட்டில் எழுத வேண்டாம்.

"நீங்க எந்தக் கோயில்?" நகரத்தாருக்குக் குலப் பிரிவாக ஒன்பது கோயில்கள் என்று படித்துவிட்டுப் போய் ஆர்வத்தில் இதைக் கேட்பவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சில் வரும் கேள்வி அது. வெளியாள் எடுத்ததும் கேட்டால் ஒன்று சிரிப்பார்கள், இல்லை முகம் சுளிப்பார்கள்.

பர்மாவில் இழந்த சொத்து. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது உயிர் பிழைக்க நடந்தே திரும்பியவர்களின் கதை சில வீடுகளில் இன்னும் ஆறாத விஷயம். முதல் சந்திப்பில் இழுக்காதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி அவர்களே தொடங்கினால், நடுவில் புகுந்து வருடத்தைத் திருத்தாமல் கேளுங்கள். தேதியைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

பட்டறையில்

ஆத்தங்குடியில், தரைக்கல் செய்யும் பட்டறைகளில், வேறு கணக்கு. கை வேலையில் இருக்கிறவரோடு பேச வேண்டும், அதனால் கேள்வியைவிட அதைக் கேட்கும் தருணம் பெரிது. கல் எப்படி உருவாகிறது என்று முதலில் பேசாமல் மூன்று கல் முடியும்வரை பாருங்கள். கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைக்கிறார். மேலே இரும்புச் சட்டம், அதற்குள் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் குழம்பாகக் கரைத்த வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார். அச்சைத் தூக்கி எடுக்கிறார். மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பிக் கரணையால் மட்டம் தட்டுகிறார். பிறகு காய வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை ஒட்டி அடியில் இருந்த பக்கம்தான் கடைசியில் பளபளக்கும் முகப்பு.

இதில் வண்ணம் ஊற்றி அச்சைத் தூக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அச்சு கொஞ்சம் ஆடினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும், கல் வீண். அடுத்த கண்ணாடியைத் துடைக்கும் நேரம்தான் உங்களுடையது, அதில் ஒரு கேள்விக்குத்தான் இடம். ஆகவே சின்னதாகக் கேளுங்கள்: "அண்ணே, இந்தக் கண்ணாடிய எப்ப மாத்துவீங்க?" "எந்த நிறம் அதிகம் மக்கர் பண்ணும்?" இப்படிக் கேட்டால் வீணான கல்லைக் காட்டித் தானே விளக்குவார். கைவேலைக்காரரிடம் பேச்சைத் தொடங்க, கெட்டுப்போனதைக் கேட்பது போல வேறு வழி இல்லை. நன்றாக வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னால் கூச்சம் வரும், கெட்டதைப் பற்றி என்றால் காரணத்தோடு பேசுவார்.

பேச்சு நின்றுவிட்டால்

முதலில் பயப்படாதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் அவரே மீதியைச் சொல்லிவிடுவார். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இந்த இடத்தில்தான்: மௌனத்தைத் தாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவி, வந்துகொண்டிருந்த நல்ல விஷயத்தை வெட்டிவிடுவது.

எண்ணியும் வரவில்லை என்றால் அவர் கடைசியாகச் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிச் சொல்லுங்கள். "அப்ப ஆளு இருந்தாகன்னு சொன்னீங்களே ஆச்சி…" அவ்வளவுதான், கேள்வியாக முடிக்கக்கூட வேண்டாம். அதுவும் உதவவில்லை என்றால் "இது எப்ப நின்னுபோச்சு?" என்று கேளுங்கள். எது நின்றது என்பதற்கு ஊரில் எல்லாரிடமும் பதில் உண்டு. "ஆமா", "இல்ல" என்று மட்டும் பதில் வந்தால் தவறு உங்கள் கேள்வியில் இருக்கிறது: "தானே?" "இல்லையா?" என்று முடித்திருப்பீர்கள்.

பதிவும் கிளம்புவதும்

எடுத்த எடுப்பில் போனை முன்னால் வைக்காதீர்கள். பத்து நிமிடம் பேசிய பிறகு, "நீங்க சொல்றத அப்படியே எழுத முடியல, பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை கேட்கக் கூடாது. அவர்கள் சொல்லும் பெயர்களைப் புத்தகத் தமிழில் மாற்றாமல் காதில் விழுந்தபடி எழுதுங்கள். வீட்டின் ஒரு பகுதியைப் பட்டாலை என்று சொன்னால் பட்டாலை என்றே இருக்கட்டும்.

நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், பேச்சு நன்றாகப் போனாலும். எழும்போது "இதப் பத்தி இன்னும் யாரைப் பாக்கலாம்?" என்று கேளுங்கள். எப்போது மறுபடி வருவோம் என்று நாளைச் சொல்லிவிட்டு, அந்த நாளில் போங்கள். பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்குள், புரியாமல் விட்ட மூன்று விஷயங்களை எழுதுங்கள். மூன்றையும் கேள்வியாகவே எழுதுங்கள். இரண்டாவது முறை போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய தாள் அதுதான். அதற்கும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.