15வது தவணை, ஞாயித்துக்கிழமை

தம்பி, சாப்பிட்டியா? மூணாம் தேதி ஆச்சு, அக்கா மெசேஜ் வரும்னு தெரியும்ல.

வர்ற 5ஆம் தேதி ஆட்டோ லோன் தவணை, 6,461 ரூபாய். ஞாயித்துக்கிழமைதானே, திங்கள் காலையில போட்டுக்கலாம்னு இருந்துடாதே. லீவு நாள்லயும் அக்கவுண்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. நாளைக்கு ராத்திரியே 6,700 வச்சிடு. மே மாசம் வெறும் 61 ரூபாய் குறைஞ்சதுக்கு பேங்க்ல ஒண்ணு, லோன் குடுத்தவங்க ஒண்ணுன்னு எழுநூறு சொச்சம் பிடிச்சாங்களே. ஒரு நாள் காலை சவாரி மொத்தமும் போச்சு. அசல்ல அது ஒரு பைசா குறைக்கல.

ஆயுத பூஜைக்கு மாலை, பூசணி, பொரின்னு கை இளைச்சிருக்கும், தெரியும். குறைஞ்சா இன்னிக்கே சொல்லு, ஆயிரம் வரைக்கும் நான் ஜிபே பண்றேன். ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணாதே. ஜாமீன் கையெழுத்து என்னுது, நெனப்பிருக்கட்டும்.

இப்போ கணக்கு. "இவ்ளோ கட்டியும் குறையவே மாட்டேங்குதே"ன்னு போன மாசம் புலம்புனே இல்ல? வாங்கினது ரெண்டரை லட்சம், 11 பர்சென்ட், 48 மாசம். இதுவரைக்கும் 14 தவணையில 90,454 கட்டியிருக்கே. அதுல வட்டிக்கே 28,475 போயிடுச்சு, அசல்ல கழிஞ்சது 61,979. இன்னிக்கு பாக்கி அசல் 1,88,021. இந்தத் தவணையில வட்டி 1,724, அசல் 4,737. போனதுக்கப்புறம் 1,83,284 நிக்கும். மொத தவணையில அசலுக்குப் போனது 4,169தான், இப்போ பாரு, அதே 6,461ல ஐநூறு ரூபாய்க்கு மேல கூடுதலா கழியுது.

24 தவணை முடிஞ்சா பாதிக்கடன் தீர்ந்துடும்னு நெனச்சிட்டு இருக்கே. இல்ல. அசல் பாதிக்கும் கீழ வர்றது 27வது தவணையில, அடுத்த வருஷம் அக்டோபர்ல.

தீபாவளி சவாரியில கொஞ்சம் மிஞ்சுச்சுன்னா பத்தாயிரம் அசல்ல கட்டிடலாமான்னு யோசி. கட்டுறப்போ "மாசத் தவணை அதே இருக்கட்டும், மாசத்தைக் குறைங்க"ன்னு எழுதிக் குடு. கடைசியில ரெண்டு தவணை மிச்சம். முன்கூட்டி கட்ட சார்ஜ் உண்டான்னு மொதல்ல அக்ரிமென்ட்ல பார்த்துடு. மழை மாசம் வேற வருது, வண்டிக்குள்ள தண்ணி போச்சுன்னா மெக்கானிக் செலவு இருக்கு. அதனால கையில இருக்கறத முழுசா அள்ளிப் போட்டுடாதே.

திங்கள் ராத்திரி ஆப்பைத் திறந்து Principal Outstanding எவ்ளோ காட்டுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு. 1,83,284க்கு ரெண்டு மூணு ரூபாய் முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல. நூறு, இருநூறுன்னு கூட இருந்தா மே மாச சார்ஜ் இன்னும் தொங்குதான்னு கேக்கணும், நான் பெர்மிஷன் போட்டுட்டு உன்கூட லோன் ஆபீசுக்கு வர்றேன்.

அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை குடுத்தியா?