பொகாளோ

செல்வத்தைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்காகக் கோவில்பட்டியில் பேருந்து ஏறியது முதல் அவனுடைய அப்பா சிறுவாணித் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இளவயதில் கோவைப் பஞ்சாலை ஒன்றில் 2 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அந்தத் தண்ணீரைக் குடித்தால் தின்ற கல்லும் செரிக்கும் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை மகனைத் தனியே விட்டு ஊர் திரும்பினார். ஆனால் விடுதி நகரின் விளிம்பில் இருந்தது. அங்கே குழாயில் வந்தது ஆழ்குழாய்க் கிணற்று நீர். சோப்பு நுரைக்காது, வாளியின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். குடிப்பதற்கென்று ஒரு சுத்திகரிப்புப் பொறி கீழ்த்தளத்தில் உண்டு. மூன்றாவது மாடியில் தங்கியிருந்த செல்வத்துக்கு அது தெரியவே பல நாள் ஆயிற்று.

முதல் நாள் இரவு மெஸ்ஸில் சப்பாத்தியும் குருமாவும் போட்டார்கள். பசியில் ஐந்து சப்பாத்தி தின்றான். மறுநாள் காலைப் பொங்கல் தட்டில் விழுந்தபோது பளபளத்தது. ஆறியதும் அதன் மேல் டால்டா வெண்மையாக உறைந்து நின்றது. மதியம் சோறு விறைப்பாகவும், சாம்பார் புளிப்பாகவும் இருந்தன. காரத்துக்கு அஞ்சும் வயிறு அல்ல அவனுடையது. விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் மிளகாய் போடும் குடும்பத்துப் பிள்ளை அவன். அவன் வயிற்றுக்குப் பழகாதவை வேறு. காலையில் பழைய சோற்று நீராகாரமும், உச்சி வெயிலில் கம்மங்கூழும், இருட்டியதும் அம்மா வடித்த சோறும் என்று பதினேழு ஆண்டுகள் ஒரே ஒழுங்கில் ஓடிய வயிறு, இரவு ஒன்பது மணிக்கு மைதாவும் எண்ணெயும் வந்து இறங்கியபோது என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வயிறு முறுக்கி எழுப்பியது. அந்தத் தளத்தில் நாற்பது பேருக்கு ஆறு கழிப்பறைகள். அவற்றில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை அடைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கையில், வெளியே வாளி வைத்துக் காத்திருப்பவன் தன் வயிற்றின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே அவனைக் கூனிக் குறுகச் செய்தது. நோயின் வலியைவிட அந்த வெட்கம் பெரிது. புதிய இடத்தில் முதலில் கிடைக்கும் பெயரே கடைசி வரை நிலைத்துவிடும் என்பதை விடுதியில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆகவே அவன் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். சாப்பிட்டால்தானே தொல்லை என்று மதியச் சாப்பாட்டை விட்டான். இரவில் பசி தாங்காமல் இரண்டு மடங்கு தின்றான். நள்ளிரவில் மறுபடியும் ஓடினான்.

அம்மா தினமும் எட்டு மணிக்கு அழைப்பாள்.

“சாப்பிட்டியாய்யா?”

“சாப்பிட்டேம்மா.”

“சாப்பாடு நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கும்மா.”

வியாழக்கிழமை இரவுக்குள் எட்டு முறை போய்விட்டது. ஒன்பதாவது முறை திரும்பி வரும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அறைத்தோழன் சேலத்துக்காரன். அதுவரை செல்வத்துடன் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான். நாக்கு உலர்ந்து பேச்சுக் குழறுவதைப் பார்த்ததும் அவன் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, வாட்ச்மேனை எழுப்பி, செல்வத்தை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

காய்ச்சல் இல்லை, இரத்தம் போகவில்லை என்று மருத்துவர் உறுதி செய்துகொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் எழுதிக் கொடுத்தார். செவிலியர் அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்கிக் காட்டினார். அரைப் பொட்டலத்தை டம்ளரில் போட்டுக் குடிக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, “எந்தத் தண்ணி குடிக்கிற தம்பி?” என்று கேட்டார். மாடிக் குழாய்த் தண்ணீர் என்றான். கடின நீரில் சல்பேட்டு மிகுந்திருந்தால் பழகாத வயிற்றை அதுவே பேதியாக்கும் என்றும், உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் செய்யாமல் புதிதாக வந்தவர்களைத்தான் அது முதலில் பிடிக்கும் என்றும், அதோடு கிருமியும் சேர்ந்திருக்கலாம் என்றும் அவர் விளக்கியபோது, செல்வத்துக்குப் பாதி நோய் அங்கேயே இறங்கிவிட்டது போல் இருந்தது. தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நான்கு நாட்களாக நினைத்துக் கொண்டிருந்தவன் அவன்.

வெள்ளியும் சனியும் கரைசலிலும் வாழைப்பழத்திலும் கழிந்தன. வயிறு நின்றது, ஆனால் மெஸ் வாசலில் எண்ணெய் வாடை வந்ததும் குமட்டியது. ஞாயிறு காலை, பூரிக்கு வரிசை நின்றுகொண்டிருக்கையில், வெந்நீர் கேட்கலாம் என்று அவன் சமையற்கட்டின் பின்புறம் போனான். அங்கே வேப்பமரத்தடியில் சமையல் உதவியாளர்கள் மூவர் குந்தியிருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். மூவரும் ஒடிசாக்காரர்கள். நடுவில் ஒரு அலுமினியக் குண்டான். அதற்குள் தெளிந்த, இலேசாக மங்கிய நீர். அடியில் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊறிப் பருத்த சோற்றுப் பருக்கைகள். மேலே ஒரு எலுமிச்சை இலை மிதந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அந்த இளம் புளிப்பு வாடை அவன் மூக்கில் ஏறியது.

செல்வம் நகரவில்லை. அவர்களில் மூத்தவரான ரஞ்சன் அவனைப் பார்த்து, “தம்பி, வயிறு?” என்று கையால் தடவிக் காட்டினார். வாட்ச்மேன் மூலம் சேதி அவர்வரை போயிருந்தது. அவன் தலையசைத்து, குண்டானைக் காட்டி, “பழையது” என்றான்.

“பொகாளோ” என்றார் அவர்.

“பழைய சோறு.”

“பொகாளோ” என்று மீண்டும் சொல்லிவிட்டு, அவர் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தைக் கழுவி, அகப்பையால் நீரும் பருக்கையுமாக மொண்டு, தயிர் ஒரு கரண்டி விட்டு, உப்புக் கல்லை விரலால் நசுக்கிப் போட்டுக் கொடுத்தார். வடித்த சோற்றைச் சுத்திகரித்த தண்ணீரில்தான் ஊறவைத்தது என்பதை, கீழ்த்தளப் பொறியின் பக்கம் கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து முதல் மிடறு விழுங்கியபோது, அது நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை குளிர்ந்து இறங்கிய வழி முழுவதையும் செல்வம் உணர்ந்தான். ஆயிரம் கல்லுக்கு அப்பால் ஒரு வீட்டில், அவன் அம்மாவைப் போலவே யாரோ ஒருத்தி இரவில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறாள் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. மெல்லக் குடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் ஆயிற்று. வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு அம்மா அழைத்தபோது அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேதியை, ஆட்டோவை, சேலத்துத் தோழனை, செவிலியர் அக்காவை. அம்மா அழுகையை அடக்குவது கேட்டது.

“இன்னைக்கு என்னய்யா சாப்பிட்ட?”

“பழையது சாப்பிட்டேம்மா.”

“பிள்ளைகளுக்குப் பழசையா போடுறாங்க?” என்று அவள் குரல் உயர்ந்தது.

“இல்லம்மா, நம்ம பழையது. நீராகாரம். ஒடிசாக்கார அண்ணன் குடுத்தாரு.”

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டாள்:

“தொட்டுக்கிட என்ன இருந்துச்சு?”