மாப்பிள்ளைக்கு முதல் ஷேவ்: மாமா எழுதுவது

அன்புள்ள கதிர்,

பார்சல் வந்து சேர்ந்திருக்கும். உள்ளே ஒரு ரேசர், ஐந்து பிளேடு உள்ள பாக்கெட், கிரீம் டியூப், பிரஷ், ஒரு துண்டு படிகாரம், அப்புறம் காலியான மாத்திரை டப்பா ஒன்று. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதற்கு வேலை இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தனியாக வருகிறது. அந்தத் தட்டில் ரேசர் வைக்க முடியாது என்பதால் இதை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். முதல் ஷேவை முகூர்த்தத்தன்று காலையில் வைத்துக்கொள்ளாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை செய். ஒன்றிரண்டு கீறல் விழுந்தாலும் அதற்குள் ஆறிவிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டாவது தடவை செய்தால் போட்டோவுக்குச் சரியாக இருக்கும். அந்த முந்தின நாள் வெள்ளியாக இருந்தால் அம்மாச்சி விடமாட்டார்கள். அவர்களோடு வாதாடாமல் வியாழக்கிழமையே முடித்துவிடு.

நான் பதினாறு வயதில் அப்பாவின் ரேசரைத் திருட்டுத்தனமாக எடுத்து, நுரைகூடப் போடாமல், பச்சைத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு அழுத்தி இழுத்தேன். மோவாய்க்குக் கீழே ஒன்று, மேலுதட்டில் இரண்டு. தினத்தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்று வகுப்பில் யாரும் பாடம் கவனிக்கவில்லை. மோவாய்த் தழும்பு இன்னும் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன். வெட்டுவதற்குக் காரணம் பிளேடு கூராக இருப்பது என்று அப்போது நினைத்தேன். காரணம் என் கை. அழுத்தினேன், அவசரப்பட்டேன், ஒரு இடத்தில் பக்கவாட்டிலும் இழுத்தேன்.

கிங் கேம்ப் ஜில்லெட் இந்த ரேசருக்கு அமெரிக்காவில் 1904-ல் காப்புரிமை வாங்கினார். பிளேடுக்கு முன்னால் இருக்கும் தடுப்பு தோலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வதால்தான் இதற்கு சேஃப்டி என்று பெயர். நேராக இழுக்கும்வரைதான் அந்தத் தடுப்பு உன்னைக் காப்பாற்றும். கத்தியால் தக்காளி நறுக்குவதுபோலப் பக்கவாட்டில் நகர்த்தினால் எந்தத் தடுப்பும் உதவாது.

சனிக்கிழமை ஒத்திகை. பிளேடு போடாமல் முகத்தில் நுரை பூசி, வெறும் ரேசரால் முழுவதும் ஒரு தடவை வழித்துப் பார். சிரிப்பு வரும், பரவாயில்லை. எந்தப் பக்கத்துக்கு எந்தக் கை மேலே போகிறது, கண்ணாடியில் இடம் வலம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அதில் பிடிபட்டுவிடும்.

அன்றைக்கே இன்னொன்றும் செய். விரல் நுனியால் முகத்தைத் தடவி முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார். வழவழவென்று போனால் அதுதான் முடியின் போக்கு, சொரசொரத்தால் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது. எனக்கு வலப்பக்கக் கழுத்தில் காதை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஞாயிறன்று முழுக்க முழுக்க முடியின் போக்கிலேயே இழுக்க வேண்டும்.

பிளேடு மாட்டுவது. ரேசர் மூன்று துண்டாகக் கழலும்: மேல் மூடி, அடித்தட்டு, கைப்பிடி. கை ஈரமில்லாமல் துடைத்துக்கொள். பிளேடின் நீளப் பக்கம் இரண்டும் கூர், குட்டைப் பக்கம் இரண்டும் மொட்டை. எப்போதும் குட்டைப் பக்கத்தையே பிடி. மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் முளைகளில் பிளேடை உட்கார வை. மேலே அடித்தட்டை வைத்துக் கைப்பிடியைத் திருகு. திருகும்போதும் தலையைக் குட்டைப் பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். முடித்ததும் வெளிச்சத்தில் பார்: இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப்பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டு. இதைச் சரிபார்க்காமல் விட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஞாயிறு காலை. குளித்து முடித்த கையோடு செய், முடி ஊறி மெத்தென்று இருக்கும். உங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, கிரீம் எங்கே நுரைக்கும்? குடிக்கும் தண்ணீரில் ஒரு சொம்பு வெதுவெதுப்பாக்கி எடுத்துக்கொள். பிரஷை அதில் ஒரு நிமிடம் ஊறவைத்து உதறு. கிரீம் ஒரு புளியங்கொட்டை அளவு போதும். முகத்திலேயே வட்டவட்டமாகத் தேய். பொங்கி நிற்கும் சோப்புக் குமிழி வேண்டாம். கெட்டித் தயிர் மாதிரி, அடியில் தோல் தெரியாமல் படிய வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே விடு. அந்த இரண்டு நிமிடம் காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

உனக்குக் கன்னத்தில் பூனை முடிதானே, அதைத் தொட வேண்டியதில்லை. கிருதாவுக்குக் கீழே, தாடை ஓரம், கழுத்து, மோவாய், மேலுதடு. அவ்வளவுதான். மீசையை வைப்பதா எடுப்பதா என்பதை நுரை போடும் முன்பே முடிவு செய்துவிடு.

பிடியும் கோணமும். கைப்பிடியின் அடிப்பகுதியை மூன்று விரலால், பேனா பிடிப்பதைவிடத் தளர்வாகப் பிடி. ரேசர் தலையின் உச்சியைக் கன்னத்தில் வை. இப்போது கைப்பிடி கன்னத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளேடு தோலைத் தொடாது. கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வா. பிளேடு தோலை லேசாகத் தொடுகிற இடம் ஒன்று வரும். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி. அந்தக் கோணத்தை மணிக்கட்டில் பூட்டிக்கொள். பாகைமானி எல்லாம் வேண்டாம், காது போதும். கோணம் சரியாக இருந்தால் முடி அறுபடும்போது ‘சர்ர்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். சத்தமே இல்லையென்றால் பிளேடு படவில்லை. அப்போது அழுத்தத் தோன்றும். அழுத்தாதே, கோணத்தை மாற்று.

உள்ளே இருக்கும் உலோகத்தின் கனமே முடியை அறுக்கப் போதும். உன் கைக்கு வழிகாட்டும் வேலை மட்டும்தான். அப்பா வைத்திருக்கும் பிளாஸ்டிக் ரேசரை அழுத்தினாலும் தாங்கும், தலை வளைந்து கொடுக்கும். இது வளையாது.

இழுப்பது. இடது கையால் தோலை இழுத்துப் பிடி. ஒரு இழுப்பு இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை ரேசரைத் தண்ணீரில் ஆட்டி அலசு. இரண்டு பக்கமும் பிளேடு என்பதால் ஒரு பக்கம் அடைத்தால் திருப்பிக்கொள்ளலாம். விரலால் வழிக்காதே, துண்டால் துடைக்காதே.

முதலில் கிருதாவின் அடியிலிருந்து தாடை வரை. அடுத்து கழுத்து: தலையை நிமிர்த்து. குரல்வளை துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டின் மீது ஒருபோதும் ரேசரை ஏற்றாதே. அந்தத் தோலை விரலால் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் தட்டையான இடத்துக்கு வந்துவிடும், அங்கே மழி.

மோவாயும் மேலுதடும் கடைசியில். அங்கே முடி கட்டை, நுரையில் கூடுதலாக ஊறட்டும். மோவாய் உருண்டை என்பதால் அங்கே ஒரு செண்டிமீட்டர் இழுப்புதான், ஒவ்வொரு இழுப்புக்கும் கைப்பிடியின் கோணம் மாறும். என் தழும்பு அங்கேதான். மேலுதட்டைப் பல்லின் மேல் இழுத்து மடித்துக்கொண்டால் தோல் விறைப்பாகும். மூக்குக்கு அடியிலிருந்து உதடு நோக்கி, சின்னச் சின்னதாக. மூக்கின் நடுத்தண்டுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் ரேசர் சரியாக உட்காராது. அங்கே நாலு முடி மிஞ்சினால் மிஞ்சட்டும்.

பரு இருக்கும் இடத்தைச் சுற்றிப் போ. அதன் தலையை பிளேடு சீவிவிட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், மேலும் பரவும். பழுத்த பரு நாலைந்து இருந்தால் அந்தப் பக்கத்தையே விட்டுவிடு.

ஒரு தடவை வழித்ததும் சொரசொரப்பு கொஞ்சம் இருக்கும். உடனே கீழிருந்து மேலாக இழுக்கக் கை பரபரக்கும். முதல் மூன்று நான்கு ஷேவுக்கு அது வேண்டாம். விட்டுப்போன இடத்தில் நுரையை மறுபடி தடவி, அதே போக்கில் இன்னொரு தடவை. நுரை இல்லாத தோலில் பிளேடு படவே கூடாது.

முடித்ததும். பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவு. படிகாரத்தை நனைத்து மழித்த இடமெல்லாம் லேசாகத் தேய். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். அரை நிமிடம் விட்டுக் கழுவித் துடை. துண்டால் ஒற்று, தேய்க்காதே. அப்பாவின் ஆஃப்டர்ஷேவ் வாசனைக்கு ஆசைப்படாதே, அதில் உள்ள ஆல்கஹால் புதுத்தோலை உலர்த்திவிடும். கற்றாழை ஜெல் போதும்.

வெட்டிவிட்டால் பதறாதே. சுத்தமான துணியையோ டிஷ்யூவையோ வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடி. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நின்றதும் படிகாரத்தை ஒரு தொடல். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் அம்மாவைக் கூப்பிடு, ஒளிக்காதே.

மழித்தால் முடி கட்டையாக முளைக்கும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-லேயே இதைச் சோதித்து, அப்படி இல்லை என்று எழுதிவிட்டார். முடியின் நுனி இயல்பாகக் கூம்பியிருக்கும். அறுத்தபின் மொட்டையாக நிற்பதால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பிளேடு. உன் முடிக்கு ஒரு பிளேடு நாலைந்து ஷேவுக்கு வரும். முடி பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் அதற்கு முன்பே மாற்று. ஷேவ் முடிந்ததும் ரேசரை அலசி உதறி, குளியலறைக்கு வெளியே காயவை. பிளேடை யாருக்கும் கடன் கொடுக்காதே, யாரிடமும் வாங்காதே. மஞ்சள் காமாலை வைரஸ்களில் சில கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளியிலேயே தொற்றும். கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஆள் ரேசர் கேட்பார்கள், கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடு.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதே. காலையில் வண்டியில் வரும் அம்மா கையால்தான் அதைப் பிரிக்கிறார்கள். அதற்குத்தான் அந்த மாத்திரை டப்பா. மூடியில் நானே கீறல் போட்டிருக்கிறேன், பிளேடு உள்ளே போகும், திரும்ப வராது. நீ மாதம் ஒன்று போட்டாலும் டப்பா நிரம்ப வருஷக் கணக்காகும்.

இப்படிக்கு,
மாமா