இரண்டாம் டிவிஷன் அறிவிப்பு: காலைப் பெரட்டும் தீபாவளி விடுப்பும்

மண்டோர் அண்ணே,

நேத்து ராத்திரி நீங்க அனுப்பின நாலு வாய்ஸ் மெசேஜையும் கேட்டு எழுதிட்டேன். ரெண்டாவதுல பாதி டிராக்டர் சத்தம்தான். தமிழ்ல எந்த எண்ணுல என்ன இருக்கோ, இங்கிலீஷ்லயும் அதே எண்ணுல அதேதான். இங்கிலீஷை டைப் அடிச்சு ஆபீஸ் போர்டுல ஒட்டிடுவேன். பெரட்டுல நேப்பாளத் தம்பிங்களுக்கு நீங்கதானே வாசிக்கணும், அதனால உங்க தாளுல மட்டும் தமிழ் எழுத்துல போட்டிருக்கேன்.

தொழிலாளர் அறிவிப்பு
8 அக்டோபர் 2025

1. 13 அக்டோபர், திங்கள் முதல் காலைப் பெரட்டு 6.15 மணிக்கு. தாமதமாக வருபவர் காட்டுக்குள் போகுமுன் மண்டோரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

2. குலை வெட்டுவோர் மரத்தடியிலும் பிளாட்பாரத்திலும் கிடக்கும் உதிரிப் பழம் முழுவதையும் அன்றே பொறுக்கி மூட்டை கட்ட வேண்டும்.

3. களைக்கொல்லி அடிப்போர் கையுறை, முகக்கவசம், பூட்ஸ் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்த வேலை தரப்படாது.

4. 20 அக்டோபர், திங்கள் தீபாவளி விடுமுறை. 21 அக்டோபர், செவ்வாயன்றும் விடுப்பு வேண்டுவோர் 15 அக்டோபர், புதன் மாலை 4 மணிக்குள் ஆபீஸில் ஃபாரம் கொடுக்க வேண்டும்.

5. முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், வேலை ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படலாம். தகுந்த காரணம் இருந்து, அதைக் கூடிய சீக்கிரம் தெரிவித்தவருக்கு இது பொருந்தாது.

நோட்டிஸ் டு ஒர்க்கர்ஸ்
8 அக்டோபர் 2025

1. ஃப்ரம் மண்டே, 13 அக்டோபர், மார்னிங் மஸ்டர் இஸ் அட் 6.15 ஏ.எம். எனி ஒர்க்கர் ஹூ இஸ் லேட் மஸ்ட் டெல் தி மண்டோர் தி ரீசன் பிஃபோர் கோயிங் டு தி ஃபீல்ட்.

2. ஹார்வெஸ்டர்ஸ் மஸ்ட் பிக் அப் அண்ட் பேக் ஆல் லூஸ் ஃப்ரூட், அண்டர் தி பாம்ஸ் அண்ட் ஆன் தி பிளாட்ஃபார்ம், ஆன் தி சேம் டே.

3. ஒர்க்கர்ஸ் ஸ்ப்ரேயிங் வீட்கில்லர் மஸ்ட் நாட் ஸ்டார்ட் வித்அவுட் க்ளவ்ஸ், மாஸ்க் அண்ட் பூட்ஸ். ப்ரெக்னன்ட் அண்ட் பிரெஸ்ட்ஃபீடிங் விமன் வில் நாட் பி கிவன் திஸ் ஒர்க்.

4. மண்டே, 20 அக்டோபர் இஸ் தி தீபாவளி ஹாலிடே. ஒர்க்கர்ஸ் ஹூ ஆல்ஸோ வாண்ட் லீவ் ஆன் டியூஸ்டே, 21 அக்டோபர், மஸ்ட் ஹேண்ட் இன் தி ஃபார்ம் அட் தி ஆபீஸ் பை 4 பி.எம். ஆன் வெட்னஸ்டே, 15 அக்டோபர்.

5. எனி ஒர்க்கர் ஆப்ஸன்ட் ஃபார் மோர் தென் டூ ஒர்க்கிங் டேஸ் இன் எ ரோ வித்அவுட் ப்ரையர் லீவ் மே பி ட்ரீட்டட் ஆஸ் ஹேவிங் ப்ரோக்கன் தி காண்ட்ராக்ட். திஸ் டஸ் நாட் அப்ளை டு எ ஒர்க்கர் வித் எ குட் ரீசன் ஹூ இன்ஃபார்ம்ஸ் அஸ் ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்.

நீங்க சொன்னதுல சிலதை மாத்தியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. "லேட்டா வந்தா பேர் வெட்டிருவேன்"னு சொன்னீங்க. பேர் வெட்டினா அன்னைக்குக் கூலி போயிரும், சட்டத்துல இல்லாத பிடித்தத்தைக் கூலியில பிடிக்க முடியாது. போர்டுல ஒட்டிட்டா நாளைக்கு யூனியன்காரர் அதைத்தான் முதல்ல படம் பிடிப்பார்.

"ரெண்டு நாள் வரலேன்னா ஆள் அவுட்" சரியில்ல. மலேசிய 1955 வேலைச் சட்டம் 15-ஆம் பிரிவுல 'ரெண்டு நாளுக்கு மேல்'னுதான் இருக்கு, அதாவது மூணாவது நாள்தான் கணக்கு. தமிழ்ல 'மேல்' விட்டுப்போனா இங்கிலீஷ்ல 'மோர் தென்' தனியா நிக்கும். பெரட்டுல நிக்கிறவன் எந்தப் பக்கத்தை நம்புவான்?

'மருந்து அடிக்கிறவங்க'ன்னு நீங்க சொன்னதை அப்படியே மாத்தியிருந்தா 'மெடிசின்'னு வந்து, டிஸ்பென்சரி ஆளுங்களுக்குன்னு நினைச்சிருப்பாங்க. நீங்க புள்ளத்தாச்சிய மட்டும் சொன்னீங்க. நம்ம எஸ்டேட் விதியில பாலூட்டுறவங்களும் இருக்காங்க, சேர்த்துட்டேன்.

நாலாவது மெசேஜுல டிராக்டர் டிரைவரைப் பத்திச் சொன்னது எதையும் எழுதல. அதை நேர்ல பேசிக்குங்க.

வாசிக்கும்போது 'மஸ்டர்', அண்ணே. 'மாஸ்டர்' இல்ல. போன தடவை புது அசிஸ்டண்ட் எழுந்து நின்னுட்டாரு.

ஆபீஸ் கிராணி