மழை லீவுக்கான தாள்: வட்டக் கோணக் கணக்கு, காரணங்களோடு முழு விடை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

வில்லிவாக்கத்தில் நம் தெருவில் முட்டி வரை தண்ணீர். மாடியில் டியூஷன் வைக்க வழியில்லை. அதனால் சனிக்கிழமை டெஸ்டில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிட்ட அந்த 5 மார்க் கணக்கை இங்கேயே எழுதிவிட்டேன். படிக்கும்போதே படம் போட்டுப் பாருங்கள். காம்பஸ் இல்லையென்றால் அம்மாவின் வளையலை வைத்து வரையலாம். ஆனால் மையம் எங்கே என்று அப்புறம் திண்டாட வேண்டும்.

கணக்கு: O மையமுள்ள வட்டத்தில் AB ஒரு நாண். ∠OAB = 32°. C பெரிய வில்லின் மேலும், D சிறிய வில்லின் மேலும் உள்ளன. ∠AOB, ∠ACB, ∠ADB காண்க. ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுக.

முதலில் மையக்கோணம்.

OA = OB (ஒரே வட்டத்தின் ஆரங்கள்)
∠OBA = ∠OAB = 32° (முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம்)
∠AOB = 180° − 32° − 32° = 116° (முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°)

அடுத்து C.

∠ACB = 116° ÷ 2 = 58° (ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், வட்டத்தின் மீதிப் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு)

இந்தக் காரணத்துக்குப் பதிலாக "தேற்றப்படி" என்று மட்டும் எழுதியவர்கள் ஒன்பது பேர். எந்தத் தேற்றம்? பேப்பர் திருத்துகிறவர் ஊகித்துக்கொள்ள மாட்டார். வில், மையம், பரிதி, இரு மடங்கு ஆகிய நான்கு சொற்களும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இரு மடங்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. CO-வை O-வைத் தாண்டி P வரை நீட்டுங்கள். OA = OC என்பதால் முக்கோணம் OAC-யில் A-யிலும் C-யிலும் ஒரே கோணம்; அதை x என்போம். ∠AOP அந்த முக்கோணத்தின் வெளிக்கோணம், ஆகவே x + x = 2x. அந்தப் பக்கம் முக்கோணம் OBC-யிலும் இதே கதை: ∠BOP = 2y. இரண்டையும் கூட்டினால் ∠AOB = 2(x + y), அதாவது ∠ACB-யின் இரு மடங்கு. C-யை வில்லின் ஓரமாக நகர்த்தி, O முக்கோணம் ABC-க்கு வெளியே போய்விட்டால், கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். விடை மாறாது. யூக்ளிட் எழுதிய மூன்றாம் புத்தகத்தில் இது 20ஆவது கூற்று. அவரும் ஆரங்களையும் வெளிக்கோணத்தையும் வைத்துத்தான் முடிக்கிறார்.

இப்போது D. சறுக்கிய இடம் இதுதான். "D-யும் பரிதியில்தானே இருக்கிறது, அதுவும் 58°" என்று எழுதிவிட்டீர்கள். படத்தைப் பாருங்கள்: D இருப்பது சிறிய வில்லின் மேல். அங்கிருந்து A-யையும் B-யையும் பார்த்தால் கோணம் விரிந்து கிடக்கிறது. அது 58° என்று கண்ணே ஒப்பாது.

ADBC ஒரு வட்ட நாற்கரம் (நான்கு முனைகளும் வட்டத்தின் மேல்)
∠ADB = 180° − 58° = 122° (வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180°)

இன்னொரு வழியும் உண்டு. D-யில் கோணம் தாங்குவது பெரிய வில். அது மையத்தில் தாங்கும் பின்வளை கோணம் 360° − 116° = 244°; அதில் பாதி 122°. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

ஒருவர் OADB-யை வட்ட நாற்கரம் என்று எடுத்து ∠ADB = 64° என்று எழுதியிருந்தார். கழித்தல் சரி. ஆனால் O வட்டத்தின் மேல் இல்லையே! மையம் எப்படியப்பா பரிதிக்கு வந்தது?

58° சரிதானா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி: AO-வை நீட்டி AE என்ற விட்டத்தை வரையுங்கள். ∠ABE = 90° (அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்). ∠BAE = 32°, மிச்சம் ∠AEB = 58°. E-யும் C-யும் ஒரே வட்டத்துண்டில் இருப்பதால் ∠ACB-யும் 58°. மையக்கோணத்தைத் தொடாமலேயே வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து வகுப்பு தொடங்கும் அன்று இதைப் போட்டு எடுத்து வாருங்கள்: அதே மாதிரிப் படம், ∠ADB = 110°. ∠OAB காண்க. விடை 20°. விடையை நானே சொல்லிவிட்டதால் மார்க் முழுக்கக் காரணங்களுக்குத்தான்.